கரண்ட் போனா சோலாரும் ஏன் நிக்குது? ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் ஐலண்டிங் பாதுகாப்பும்

மொட்டைமாடி_3கிலோ

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வீடு. மாடியில 3 கிலோவாட் ஆன்-கிரிட், சிங்கிள் பேஸ், பேட்டரி கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனா, தலைக்கு மேல வெயில் கொளுத்துது, பேனல் சும்மா காயுது, வீட்டுக்குள்ள ஃபேன் கூட ஓடலை. மாட்டிக் கொடுத்தவங்களைக் கேட்டா "ஈபி ரூல்"னு ஒரே வார்த்தை. ரெண்டு விஷயம் தெரியணும். இன்வெர்ட்டர் நிக்கறது அதால முடியாததாலயா, இல்ல வேணும்னே நிறுத்தறாங்களா? மெயின் ஸ்விட்ச்சை நானே இறக்கிட்டா தெருவுக்குக் கரண்ட் போகாதே, அப்பவாவது ஓட விடலாமே?

வயரிங்_தம்பி

இதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லண்ணே. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் ஈபி வோல்டேஜைப் பார்த்து அது பின்னாடியே போற மெஷின். ஈபி போயிட்டா பார்க்க ஒண்ணும் இல்ல, தானா நின்னுடும். அதுக்குத்தான் ஆன்ட்டி-ஐலண்டிங்னு பேர் வச்சிருக்காங்க. தனியா ஒரு பாதுகாப்புன்னு ஒண்ணும் உள்ள கிடையாது.

ரிலே_சோதனை

தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. "தானா நின்னுடும்" என்பது எல்லா நேரமும் நடக்காது. அந்த நடக்காத நேரத்துக்காகத்தான் தனியாக ஒரு பாதுகாப்பே தேவைப்படுகிறது.

டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கிவிட்டார்கள் என்று வையுங்கள். தெருவில் இருக்கிற ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் இன்னும் லைனில்தான் இருக்கின்றன. இன்வெர்ட்டர் அந்த நொடி வரை தள்ளிக்கொண்டிருந்த கரண்ட் இப்போது அந்த லோடுகளுக்குள் மட்டும் பாய்கிறது. பாய்ந்தால் அங்கே ஒரு வோல்டேஜ் உண்டாகும். இன்வெர்ட்டர் அந்த வோல்டேஜை அளந்து, "ஈபி இருக்கிறது" என்று நினைத்து, அதற்கு ஏற்றபடி அடுத்த சுற்றுக் கரண்டையும் தள்ளும். தன் நிழலையே வழிகாட்டி என்று நம்பி நடப்பது போல. தெருவுக்கு ஈபி இல்லை, ஆனால் லைனில் உயிர் இருக்கும். இதுதான் ஐலண்ட்.

எப்போது நிற்கும், எப்போது நிற்காது என்பதைக் கணக்கோடு பார்க்கலாம். ஒரு டிரான்ஸ்பார்மரில் பத்து வீட்டு சோலார், நண்பகலில் மொத்தம் 24 கிலோவாட் வருகிறது. லோடு எல்லாம் ஹீட்டர் மாதிரி என்று எளிதாக வைத்துக்கொண்டால், ஈபி போன பிறகு நிற்கும் வோல்டேஜ் இது:

```
V = 230 × √(சோலார் தரும் கிலோவாட் / லோடு கேட்கும் கிலோவாட்)
```

அந்த நேரம் தெரு 60 கிலோவாட் கேட்டுக்கொண்டிருந்தால் வோல்டேஜ் 145க்கு விழும். மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிப்படி 230இல் 80 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 184க்குக் கீழே போனால் 2 நொடிக்குள் இன்வெர்ட்டர் விலக வேண்டும். விலகிவிடும். பெரும்பாலான நாள் நடப்பது இதுதான். அதனால்தான் தம்பிக்குத் "தானா நிக்குது" என்று தோன்றுகிறது.

ஆனால் அந்த நேரம் லோடு 22 கிலோவாட் என்றால்? வோல்டேஜ் 240. எந்த இன்வெர்ட்டருக்கும் சந்தேகமே வராது. மேல் எல்லை 110 சதவீதம், 253 வோல்ட். கணக்குப் போட்டுப் பார்த்தால், லோடு ஏறக்குறைய 20 முதல் 37 கிலோவாட் வரை எங்கே இருந்தாலும் வோல்டேஜை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாரும் வேலைக்குப் போய்விட்ட ஒரு நண்பகலில் ஒரு தெரு இருக்கக்கூடிய அளவுதான் இது.

கடைசல்_பட்டறை

வியாசர்பாடி எஸ்டேட்ல நம்ம பட்டறை. கூரை மேல 20 கிலோவாட் போட்டிருக்கு. கெபாசிட்டர் பேனலும் இருக்கு, பவர் ஃபேக்டர் பெனால்டிக்காக வச்சது. சோலார் அப்பப்ப ட்ரிப் ஆகுது. சார் சொல்றதைப் படிச்சா கெபாசிட்டர்தான் காரணம்னு தோணுது. கழட்டிடலாமா?

ரிலே_சோதனை

கழட்ட வேண்டாம் அண்ணாச்சி. நான் சொன்னது ஈபி போன பிறகு நடப்பதை. உங்களுக்கு ஈபி இருக்கும்போதே ட்ரிப் ஆகிறது, அது வேறு நோய். இன்வெர்ட்டர் திரையில் அந்த நேரத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஆனாலும் கெபாசிட்டர் பேச்சை எடுத்தது நல்லதுதான், கணக்கின் அடுத்த பாதி அங்கேதான் இருக்கிறது. வோல்டேஜ் பொருந்திவிட்டாலும் ஃபிரீக்வென்சி காட்டிக்கொடுக்கும். ரியாக்டிவ் பவர் என்பது வேலை எதுவும் செய்யாமல் லைனுக்கும் லோடுக்கும் இடையில் போய்வருகிற பவர், வீட்டு சோலார் பெரும்பாலும் அதைத் தராது. மோட்டார்கள் அதைக் கேட்கும், கெபாசிட்டர்கள் அதைத் தரும். ஈபி இருக்கும்வரை மீதியை ஈபி சரிக்கட்டும். ஈபி போய்விட்டால் மோட்டார் கேட்பதும் கெபாசிட்டர் தருவதும் சமமாகிற இடத்துக்கு ஃபிரீக்வென்சியே நகர்ந்தாக வேண்டும். மோட்டார் பக்கம் அதிகமாக இருந்தால் மேலே ஏறும், கெபாசிட்டர் அதிகமாக இருந்தால் இறங்கும்.

விதிப்படி 50.5க்கு மேலோ 47.5க்குக் கீழோ போனால் 0.2 நொடியில் விலக வேண்டும். நம்ம கிரிட் 49.90 முதல் 50.05 வரைக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் கிரிட் விதி, ஆக 50.5 என்பது கிரிட் சாதாரணமாக எட்டிப் பார்க்காத இடம். மேலே சொன்ன 24 கிலோவாட் தெருவில், சோதனைக்கூட லோடு மாதிரி கெபாசிட்டர் நிறைய இருக்கிறது என்று கடுமையாக வைத்தாலும், மோட்டார் பக்கம் ரியாக்டிவ் பவர் சுமார் 500 வார் மிச்சம் இருந்தாலே 50.5ஐத் தாண்டிவிடும். 500 வார் என்பது ஒரு சின்ன தண்ணீர் மோட்டார் சமாசாரம். கீழ்ப்பக்கம் எல்லை தள்ளி இருப்பதால் அங்கே 2.4 கிலோவார் வரை ஒளிந்துகொள்ள இடம் உண்டு.

கெபாசிட்டர் இல்லாத வெறும் குடியிருப்புத் தெருவில் ஐலண்ட் நிலைப்பது அரிது. பட்டறையும் வீடும் கலந்த தெரு, கெபாசிட்டர் பேனல் மோட்டார்களைச் சரியாக ஈடுகட்டி வைத்திருக்கிறது, வோல்டேஜ் கணக்கும் பொருந்துகிறது என்றால் இரண்டு காவலும் ஒரே நேரத்தில் தூங்கும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை மாதிரி கலப்புத் தெருக்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த மிச்ச இடத்தை அடைக்கத்தான் இன்வெர்ட்டருக்குள் மூன்றாவதாக ஒரு வேலை நடக்கிறது. அது சும்மா அளந்துகொண்டு இருப்பதில்லை, லைனைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருக்கும். கரண்டின் நேரத்தைச் சற்று முந்த வைக்கும், அல்லது கொஞ்சம் ரியாக்டிவ் பவரை ஏற்றி இறக்கும். ஃபிரீக்வென்சி அசைந்தால் அதே பக்கம் இன்னும் பலமாகத் தள்ளும். கிரிட் இருக்கும்வரை யானையை விரலால் தள்ளுகிற கதை, அசையவே அசையாது. கிரிட் போய்விட்டால் தள்ளத் தள்ள ஓடும், சீக்கிரமே எல்லையைத் தாண்டி இன்வெர்ட்டர் தன்னையே வெளியே தள்ளிக்கொள்ளும். தம்பி, "தனியா ஒண்ணும் கிடையாது" என்றீர்களே, அந்தத் தனியான ஒன்று இதுதான்.

வயரிங்_தம்பி

சரி சார், ஒத்துக்கறேன். ஆனா ஒரு 3 கிலோவாட் இன்வெர்ட்டர் தெருவையே தூக்கி நிறுத்துமா? டிரான்ஸ்பார்மர் காயிலே அதைவிட அதிகம் இழுக்குமே.

பில்லர்_பாக்ஸ்

நான் லைன் பக்கத்து ஆள். தம்பி கேட்டதுக்கு நான் சொல்றேன். ஒத்தை வீடு தெருவைத் தாங்காது, உண்மை. ஆனா நாங்க எப்பவும் டிரான்ஸ்பார்மர்லயே ஆஃப் பண்றது இல்லையே. வட சென்னையில பாதித் தெரு மண்ணுக்கடியில கேபிள். ஒரு பில்லர்ல ஆறு சர்வீஸுக்குப் போற பியூஸை மட்டும் எடுத்துட்டு ஜாயிண்ட் போட உக்காருவோம். அந்த ஆறுல மூணு வீட்ல சோலார், மத்தியானம், லோடு குறைச்சல்னா அந்தத் துண்டு கேபிள் மட்டும் உயிரோட நிக்க இடம் இருக்கு. இடம் சின்னதாக ஆக ஆகப் பொருத்தம் வர்றது சுலபம்.

டிரான்ஸ்பார்மர் வரைக்கும் உயிர் இருந்தா இன்னும் மோசம். அது 11,000 வோல்ட்டை 433க்கு இறக்கற பெட்டி மட்டும் இல்ல, பின்பக்கமா 433 கொடுத்தா 11,000 ஆக ஏத்தற பெட்டியும் அதுவேதான். மேல ஏ.பி. ஸ்விட்ச்சைத் திறந்து எல்.சி.ன்னு லைன் கிளியர் சீட்டு வாங்கிட்டு வேலை செய்யற ஆளுக்கு, கீழயிருந்து கரண்ட் வரும்னு அந்தச் சீட்டுல எங்கயும் எழுதியிருக்காது.

நாங்க இன்வெர்ட்டரை நம்பி வேலை செய்யறது இல்ல. திறந்து, பூட்டு போட்டு, டெஸ்ட் பண்ணி, எர்த் ராடு மாட்டி, அப்புறம்தான் கை வைக்கணும். மீட்டர் பக்கத்துல சோலாருக்குன்னு தனியா பூட்டுற மாதிரி ஒரு ஸ்விட்ச் கேக்கறோமே, கத்தி விலகியிருக்கறது கண்ணுக்குத் தெரியணும்னு சொல்றோமே, அது இதுக்குத்தான். அதை மாடிக்கதவுக்கு உள்ளே வச்சுப் பூட்டிட்டுப் போனா எங்களுக்கு என்ன பிரயோஜனம்?

இன்னொண்ணு, யாரும் பேசாதது. லைன்ல பேஸும் நியூட்ரலும் நேரா ஷார்ட் ஆனா ஈபி பக்கத்துலேருந்து ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், பியூஸ் போகும். ஐலண்ட்ல அது நடக்காது.

ரிலே_சோதனை

பில்லர் அண்ணன் கடைசியில் சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது, எண்ணோடு சொல்கிறேன். அந்த 24 கிலோவாட், மூன்று பேஸுக்குப் பிரித்தால் பேஸுக்கு 35 ஆம்பியர். இன்வெர்ட்டர் ஷார்ட் ஆனாலும் தன் அளவைவிடக் கொஞ்சம்தான் கூடத் தரும், 1.2 மடங்கு என்றால் 42 ஆம்பியர். நூறு ஆம்பியர் பியூஸுக்கு 42 ஆம்பியர் என்பது சாதாரண லோடு, அது பாட்டுக்கு இருக்கும். ஷார்ட்டில் வோல்டேஜ் விழுந்து இன்வெர்ட்டரே விலகினால்தான் உண்டு. ஈபி பியூஸின் மேல் வைத்திருக்கிற நம்பிக்கை ஐலண்டில் செல்லாது.

அடுத்தது கரண்ட் திரும்பி வருகிற நொடி. ஐலண்ட் 50.4இல் ஓடுகிறது, கிரிட் 50.0இல் இருக்கிறது என்றால் ஒன்றேகால் நொடியில் இரண்டும் நேர் எதிராக வந்துவிடும். அந்த நேரம் பார்த்து பியூஸைப் போட்டால் இடையில் நிற்பது 230 அல்ல, உச்சத்தில் 650 வோல்ட். இன்வெர்ட்டரின் ஐஜிபிடி வெடிக்கும், ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாருக்கு ஷாஃப்டை முறுக்குகிற உதை விழும். பழி ஈபி மேல்தான் வரும். லைனில் இருக்கிற வோல்டேஜுக்குப் பொறுப்பு அவர்கள், ஆனால் அந்த வோல்டேஜை உண்டாக்குவது அவர்கள் கையில் இல்லை. இப்படி ஒரு நிலையை எந்த மின்வாரியமும் ஒப்புக்கொள்ளாது.

அசோசியேஷன்_பெரம்பூர்

எங்கள் அப்பார்ட்மெண்டில் 62 கேவிஏ ஜெனரேட்டர் இருக்கிறது. பொது மீட்டரில் 15 கிலோவாட் சோலார். கரண்ட் போனால் சோலார் நின்று, ஜெனரேட்டர் ஓடி ஒரு நிமிடம் கழித்து மறுபடி தானாக ஓடுகிறது. எல்லாரும் டீசல் மிச்சம் என்று சந்தோஷப்படுகிறார்கள். அப்படியானால் எங்கள் இன்வெர்ட்டரில் இந்தப் பாதுகாப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தமா?

ரிலே_சோதனை

பாதுகாப்பு வேலை செய்கிறதுங்க. ஜெனரேட்டர் தருகிற 50 ஹெர்ட்ஸை அது கிரிட் என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. வோல்டேஜும் ஃபிரீக்வென்சியும் குறைந்தது 60 நொடி நிலையாக இருந்த பிறகுதான் மறுபடி சேர வேண்டும் என்பது விதி, உங்கள் ஒரு நிமிடம் அதுதான். சோலார் சேர்ப்பு சேஞ்ச்-ஓவருக்கு லோடு பக்கம் இருப்பதால் இது நடக்கிறது.

ஆபத்து வேறு இடத்தில். பகலில் பொது லோடு லிஃப்டும் பம்பும்தான். பம்ப் நின்றவுடன் லோடு 6 கிலோவாட்டுக்கு இறங்கி, சோலார் 12 தந்தால், மிச்ச 6 எங்கே போகும்? ஜெனரேட்டரை மோட்டாராக்கி எஞ்சினைத் திருப்பும். எஞ்சினை எப்போதும் அதன் அளவில் 30 சதவீதத்துக்காவது லோடில் வைக்க வேண்டும், இல்லையென்றால் எரியாத டீசல் கரியாகப் படியும். ஜெனரேட்டர் லோடைப் பார்த்து சோலாரைக் குறைக்கிற கன்ட்ரோலர் போடுங்கள். அதுவரை, சேஞ்ச்-ஓவர் ஜெனரேட்டர் பக்கம் போனால் சோலார் கான்டாக்டர் விழுகிற மாதிரி ஒரு துணை காண்டாக்டைக் கட்டிவிடுங்கள். மலிவான வேலை, ஒரு நாளில் முடியும்.

மொட்டைமாடி_3கிலோ

இதையே நான் செஞ்சா? வீட்ல பேட்டரி யுபிஎஸ் இருக்கு. அதோட அவுட்புட்ல சோலார் இன்வெர்ட்டரைச் சேர்த்தா ஏமாந்து ஓடும்தானே?

ரிலே_சோதனை

செய்யாதீர்கள். ஓடலாம், ஓடினால்தான் வினை. வீடு 400 வாட் எடுக்கும், சோலார் 2000 தரும், மிச்சம் யுபிஎஸ் வழியாகப் பின்னோக்கிப் பேட்டரிக்குள் தள்ளப்படும். அதை அளந்து நிறுத்த அந்த யுபிஎஸ்ஸில் வழி கிடையாது. ஒன்று அதன் மாஸ்ஃபெட் போகும், இல்லை பேட்டரி கொதிக்கும்.

மெயினை இறக்கிவிட்டு ஓட விடலாமா என்று முதலில் கேட்டீர்களே. யோசனை சரி, அதை முறையாகச் செய்வது ஹைப்ரிட் இன்வெர்ட்டர். ஈபி போனதும் உள்ளே இருக்கிற ரிலே பேஸ், நியூட்ரல் இரண்டையும் தெருவிலிருந்து பிரித்துவிட்டு, வீட்டுக்குள் மட்டும் ஒரு ஐலண்டை வேண்டுமென்றே நடத்தும். மனிதன் ஞாபகம் வைத்து இறக்குகிற ஸ்விட்ச்சை யாரும் பாதுகாப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை, ஒரு நாள் மறந்தால் போதும்.

ஹைப்ரிட் போட்டால் ஒன்றை மட்டும் நீங்களே சோதியுங்கள். நியூட்ரலும் பிரிந்துவிடுவதால், பேக்கப் பக்கத்தில் நியூட்ரலை எர்த்தோடு இணைக்கிற ரிலே வேலை செய்ய வேண்டும். ஈபி இல்லாமல் ஓடும்போது பேக்கப் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மீட்டர் வையுங்கள். ஓரிரு வோல்ட் காட்டினால் நல்லது. நூறுக்குப் பக்கத்தில் காட்டினால் நியூட்ரல் மிதக்கிறது, எர்த் லீக் வந்தால் ஆர்சிசிபி விழாது.

கடைசல்_பட்டறை

திரையைப் பார்த்துட்டேன் சார். `Grid Overvoltage`னு இருக்கு, பதினொண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் நாலு தடவை. போன வாரம் ஆள் வந்து லிமிட்டை 275க்கு ஏத்திட்டுப் போனாரு. அன்னிலேருந்து ட்ரிப் இல்ல. பிரச்சினை முடிஞ்சுதா?

ரிலே_சோதனை

முடியவில்லை அண்ணாச்சி, கண்ணில் படாத இடத்துக்குப் போயிருக்கிறது. அந்த 253 என்பது உங்களைத் தொந்தரவு செய்ய வைத்த எண் இல்லை. மேலே சொன்ன தெருவில் அது 253ஆக இருந்தால் லோடு 20 கிலோவாட்டுக்குக் கீழே இறங்கியதும் ஐலண்ட் பிடிபடும். 275ஆக ஏற்றினால் 17க்குக் கீழே இறங்கினால்தான் பிடிபடும். ஒளிய இடத்தை நீங்களே அகலப்படுத்திக் கொடுத்திருக்கிறீர்கள். அதோடு உங்கள் பட்டறை எலக்ட்ரானிக்ஸும் 270 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் பழைய எண்ணுக்கு இறக்கச் சொல்லுங்கள்.

பிறகு வோல்டேஜ் எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். சோலார் முழுசாக ஓடும்போது இன்வெர்ட்டர் முனையிலும் மீட்டர் முனையிலும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். இரண்டுக்கும் 2, 3 வோல்ட்தான் வித்தியாசம், மீட்டரிலேயே 250 என்றால் அது தெருப் பிரச்சினை. டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டேப்பை மாற்றச் சொல்லி, அளந்த எண்ணையும் நேரத்தையும் எழுதி ஈபியில் மனு கொடுங்கள். வித்தியாசம் 6, 7 வோல்ட் என்றால் உங்கள் கேபிள்தான் காரணம். உதாரணத்துக்கு, மொட்டைமாடி நண்பரின் 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர், மாடியிலிருந்து மீட்டருக்கு 35 மீட்டர் என்று வையுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் 7 வோல்ட் ஏறும், 6 சதுர மில்லிமீட்டர் என்றால் 3 வோல்ட். கேபிள் சரியாக இருந்தும் வித்தியாசம் காட்டினால் லக்கைக் கழற்றிப் பாருங்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று, கிரிம்ப் செய்த இடத்தில் பச்சை பூத்திருக்கும். வெயில் நேரத்தில் தொட்டால் சுடுகிற முனைதான் குற்றவாளி.

பில்லர்_பாக்ஸ்

டேப் மாத்த ஷட்டவுன் வேணும், உடனே நடக்காது. ஆனா அளந்த எண்ணோட வர்ற மனுவை யாரும் தள்ளிப்போட முடியாது, அதைச் செய்ங்க.

மொட்டைமாடி_3கிலோ

என் இன்வெர்ட்டர் ஒழுங்கா இருக்கான்னு வீட்ல எப்படிப் பார்க்கறது?

ரிலே_சோதனை

நல்ல வெயிலில், சோலார் 2 கிலோவாட்டுக்குக் குறையாமல் வரும்போது ஏசி ஐசொலேட்டரை இறக்குங்கள். இன்வெர்ட்டர் பக்கத்து முனையில் மீட்டர் வைத்திருக்க வேண்டும், டிசி பக்கத்தைத் தொடக் கூடாது. 2 நொடிக்குள் வோல்டேஜ் போய்விட வேண்டும். மறுபடி ஏற்றி, நேரத்தை எண்ணுங்கள். 60 நொடிக்கு முன்பு உற்பத்தி தொடங்கினால் செட்டிங் தப்பு. மெனுவில் கிரிட் ஸ்டாண்டர்ட் என்று ஒன்று இருக்கும், அதில் இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். வேறு நாடு போட்டிருந்தால் வோல்டேஜ், ஃபிரீக்வென்சி எல்லைகள் எல்லாமே மாறிவிடும்.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு அளவு உண்டு. லோடே இல்லாமல் தனியாக விட்ட இன்வெர்ட்டர் நிற்பது சுலபமான கேள்வி. கஷ்டமான கேள்வி, லோடு அப்படியே பொருந்தி நிற்கும்போது நிற்குமா என்பது. அதை ஐ.எஸ். 16169 சோதனையில்தான் பார்ப்பார்கள். ரெசிஸ்டர், காயில், கெபாசிட்டர் மூன்றையும் 50 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்து, கிரிட்டிலிருந்து வருகிற கரண்டைச் சுழி ஆக்கிவிட்டு, கிரிட்டைத் துண்டிப்பார்கள். முழு அளவிலும் குறைந்த அளவிலும், சிறிய சிறிய வித்தியாசங்கள் வைத்தும், ஒவ்வொரு முறையும் 2 நொடிக்குள் நிற்க வேண்டும். வீட்டில் இதைச் செய்ய முடியாது. உங்கள் மாடல் எண்ணுக்கு அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அதே தொடரின் வேறு மாடலுக்கு உள்ளதைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

வயரிங்_தம்பி

ஒரு சந்தேகம் சார். அந்தச் சோதனை ஒரு இன்வெர்ட்டரை வச்சுதானே? தெருவுல பத்து வீட்ல அஞ்சு கம்பெனி. ஒண்ணு ஃபிரீக்வென்சியை மேல தள்ளும், இன்னொண்ணு கீழ தள்ளும். ஒண்ணை ஒண்ணு ரத்து பண்ணிடாதா?

ரிலே_சோதனை

நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் ஒற்றை வரிப் பதில் இல்லை. ஏற்கனவே அசைந்த பக்கமே தள்ளுகிற வகை எல்லாம் ஒன்றாக இருந்தால் ஒன்றுக்கொன்று உதவும். ஒரே பக்கம் மட்டும் நிலையாகத் தள்ளுகிற பழைய வகையும் வேறு வகையும் கலந்தால் பலம் குறையும், 2 நொடி நீளக்கூடும். அதற்கு மேல், கிரிட்டில் சின்னக் குலுக்கல் வந்தால் உடனே ஓடிவிடாமல் தாங்கி நில் என்று பெரிய சோலார் நிலையங்களுக்கு இப்போது விதி வந்திருக்கிறது. தாங்கி நிற்பதும் ஐலண்டை உடனே உணர்வதும் ஒன்றையொன்று இழுக்கிற வேலைகள். வீட்டு இன்வெர்ட்டருக்கும் அது வந்தால் எல்லையை எங்கே வைப்பது என்பதில் பொறியாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

பில்லர்_பாக்ஸ்

அதனாலதான் எர்த் ராடை விடறதில்ல.

மொட்டைமாடி_3கிலோ

இன்னிக்கு 12:40க்குச் செஞ்சு பார்த்தேன். 2.1 கிலோவாட் ஓடிட்டு இருந்தது. ஐசொலேட்டர் இறக்கினதும் மீட்டர்ல எண் உடனே சரிஞ்சு சுழிக்கு வந்துடுச்சு. ஏத்தினப்புறம் 22 நொடியில மறுபடி ஓட ஆரம்பிச்சுது. கிரிட் ஸ்டாண்டர்ட்ல இந்தியா இல்ல, வேற நாட்டு எழுத்து இருக்கு. மாத்தப் போனா பாஸ்வேர்ட் கேக்குது.

ரிலே_சோதனை

மாட்டிக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். மாற்றுவதற்கு முன் பழைய எல்லைகளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு நேரம் 60க்கு மேல் வருகிறதா, 253, 184, 50.5, 47.5 நான்கும் திரையில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.